பயோடேட்டாவின் முதல் நான்கு வரி

நம் சங்கத்துக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது சாஃப்ட்வேர் வேலையில் இருப்பது இப்போது சகஜமாகிவிட்டது. நானும் அதே துறையில், ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வுகளில் மேஜைக்கு இந்தப் பக்கம் பல வருடங்களாக உட்கார்ந்து வருகிறவன். அதனால் பொங்கல் விழாவிலோ நவராத்திரி கொலுவிலோ என்னைப் பார்த்தால், "நம்ம பையன் பயோடேட்டாவை ஒரு தடவை பார்த்துக் கொடுங்களேன்" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. பார்த்துக் கொடுப்பதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் பத்துக்கு எட்டு பயோடேட்டாவில் முதல் நான்கு வரி ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். அந்த நான்கு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பயோடேட்டாவின் தலையிலும், நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற வேலைவாய்ப்புத் தளங்களிலும் 'ப்ரொஃபைல் சம்மரி' என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. தான் யார், என்ன வேலை தெரியும் என்பதைச் சுருக்கமாக அங்கே எழுத வேண்டும். அதை முதலில் படிப்பவர் ரெக்ரூட்டர். அவருக்குப் பெரும்பாலும் புரோகிராம் எழுதத் தெரியாது. கம்பெனி கொடுத்த வார்த்தைகளைத் தளத்தின் தேடல் கட்டத்தில் அடித்து, அனுபவம், ஊர், நோட்டீஸ் காலம் என்று சல்லடை போட்டு, வருகிற பெயர்களை மேலோட்டமாகப் பார்ப்பார். அவரைத் தாண்டினால் இரண்டாவதாகப் படிப்பவர் என்னைப் போன்ற ஒருவர். நாங்கள் ஒவ்வொரு வரியையும் பேனாவால் அடிக்கோடிட்டு, அதிலிருந்துதான் கேள்வி கேட்போம். முதல் ஆளைப் பிடிப்பதற்காக ஊதிப் பெருக்கி எழுதியது இரண்டாவது ஆளிடம் வந்ததும் உடைந்துபோகும். இரண்டு பேரையும் மனதில் வைத்து எழுதுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

சமீபத்தில் ஒரு நண்பரின் மகள் தன் சுருக்கத்தைக் கொண்டுவந்தாள். புனேயிலேயே ஒரு கம்பெனியில் பேக்எண்ட் டெவலப்பர். பேக்எண்ட் என்றால் திரைக்குப் பின்னால் நடக்கும் வேலை. நாம் போனில் ரயில் டிக்கெட் எடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் திரையை ஒருவர் செய்திருப்பார். பெர்த் இருக்கிறதா என்று பார்ப்பது, பணத்தைக் கழிப்பது, ஒரே பெர்த்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாமல் காப்பது எல்லாம் பேக்எண்ட்காரர் வேலை. இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், "இதோ பார், நான் செய்தது" என்று காட்டத் திரையில் ஒன்றும் இருக்காது. எல்லாவற்றையும் வார்த்தையில்தான் சொல்லியாக வேண்டும்.

அவள் இருந்த புராஜெக்டை மூடப் போகிறார்கள். கையில் இரண்டு மாத அவகாசம்தான் இருந்தது. பதற்றத்தில் அவள் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "வேட்கையும் விடாமுயற்சியும் கொண்ட, நான்கு வருடத்துக்கும் மேல் அனுபவமுள்ள பேக்எண்ட் நிபுணர். நாளொன்றுக்குப் பல லட்சம் பணப் பரிவர்த்தனைகளைக் கையாளும் மைக்ரோசர்வீஸ் அமைப்பை வடிவமைத்தவர். ஜாவா, பைத்தான், கோ, ஸ்பிரிங் பூட், காஃப்கா, குபெர்னட்டீஸ், ஏ.டபிள்யூ.எஸ். அனைத்திலும் வல்லவர். செயல்திறனை 90 சதவீதம் உயர்த்தியவர்."

"ஏம்மா, பல லட்சம்னா எத்தனை?" என்று கேட்டேன்.

"மாசக் கடைசியில ஒரு நாளைக்கு ரெண்டு லட்சம் வரும் அங்கிள். மத்த நாள்ல அதுல பாதிகூட இருக்காது."

ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். இரண்டு லட்சத்தை அதால் வகுத்தால் விநாடிக்கு இரண்டு, இரண்டரைதான் வருகிறது. பத்து லட்சமே ஆனாலும் விநாடிக்குச் சராசரி பன்னிரண்டைத் தாண்டாது. நெரிசல் நேரத்தில் பல மடங்கு ஏறும் என்றாலும், துறையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை மனதுக்குள் ஒரு கணத்தில் போட்டுவிடுவார்கள். 'பல லட்சம்' என்ற சொல் வீட்டுப் பெரியவர்களை அசத்தலாம், எங்களை அசத்தாது.

"சரி, வடிவமைச்சது நீயா?"

அவள் சேருவதற்கு முன்பே வேறொருவர் வடிவமைத்துவிட்டார். ஐந்து சர்வீஸ்களில் இரண்டை அவள் பார்த்துக்கொண்டாள். அதில் ஒன்றை, வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தருவதை, ஆரம்பத்திலிருந்து அவளே எழுதினாள். அதைப் பற்றி மேலும் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பணம் திருப்பிய தகவலைச் சில சமயம் பேமென்ட் கேட்வே இரண்டு முறை அனுப்பிவிடும். பதில் போய்ச் சேரத் தாமதமானால், சேரவில்லையோ என்று நினைத்து மறுபடி அனுப்புவது அதன் இயல்பு. இரண்டையும் கணக்கில் ஏற்றினால் ஒரே ஆளுக்கு இரண்டு முறை பணம் போகும். அப்படிப் போகாதபடி இவள் செய்திருந்தாள்.

இதை அவள் எழுதவே இல்லை! பணம் சம்பந்தமான பேக்எண்டில் வேகத்தைவிடக் கஷ்டமானது இதுதான். இதைத் தெரிந்த ஆளைத் தேடித்தான் கம்பெனிகள் அலைகின்றன. மிகையாக எழுதுவதில் பொய் என்ற குறை இருப்பது எல்லோருக்கும் தெரியும். உண்மையில் விலைபோகக்கூடிய சரக்கை அது மூடி மறைத்துவிடுகிறது என்பது எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுகிறது.

அடுத்து 90 சதவீதம். எதில், எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்று சொல்லாத சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. கேட்டதில், இரவு ஓடும் கணக்குச் சரிபார்ப்பு வேலை ஒன்று மாதக் கடைசியில் 3 மணி 10 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் டேட்டாபேஸுக்குத் தனித்தனியாகப் போய் வந்துகொண்டிருந்ததுதான் காரணம். ஐந்நூறு ஐந்நூறாகச் சேர்த்து எடுக்கும்படி மாற்றி, ஒரு இன்டெக்ஸும் போட்டாள். 25 நிமிடத்தில் முடிந்தது. 190 நிமிடம் 25 ஆனால் குறைந்தது 87 சதவீதம்தான். அதை 90 ஆக்குவானேன்? இரண்டு நேரத்தையும் அப்படியே எழுதிவிட்டால் சதவீதமே வேண்டாம், படிப்பவருக்கும் "எப்படிச் செய்தாய்?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி வர வேண்டும் என்பதுதானே நமக்கு வேண்டியது.

கருவிகளின் பட்டியலை மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். தினமும் கையாண்டது ஒன்று, பிறர் அமைத்ததில் தான் புழங்கியது ஒன்று, கேள்விப்பட்டது ஒன்று. ஜாவா, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ் மூன்றும் முதலாவது. காஃப்காவிலிருந்து செய்திகளை வாங்கிப் படிக்கும் பகுதியை எழுதியிருக்கிறாள், அதை நிறுவியதில்லை. குபெர்னட்டீஸில் யாரோ எழுதி வைத்த ஃபைலில் மெமரி அளவை மாற்றியிருக்கிறாள், அவ்வளவே. ஏ.டபிள்யூ.எஸ்ஸிலும் பிறர் அமைத்ததில் லாக் பார்த்ததோடு சரி. கோ ஒரு வாரக் கடைசியில் பார்த்த பாடம், பைத்தான் கல்லூரியோடு போயிற்று. 'காஃப்கா வல்லுநர்' என்று போட்டால் என் முதல் கேள்வி, "செய்திகளை எந்தச் சாவியை வைத்துப் பிரித்தீர்கள், ஏன்?" என்பதாக இருக்கும். அங்கே திணறினால், ஜாவாவில் உண்மையாகத் தெரிந்ததைக்கூட நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன். ஆகவே முதல் வகை சுருக்கத்தில் வரலாம். இரண்டாம் வகை, எந்த அளவுக்கு என்ற விவரத்தோடு வரலாம் அல்லது கீழே திறன் பட்டியலுக்குப் போகலாம். மூன்றாவதை எடுத்துவிட வேண்டியதுதான்.

"வார்த்தையைக் குறைச்சா தேடும்போது என் பேர் வராதே அங்கிள்" என்றாள். நியாயமான பயம். ஆனால் ரெக்ரூட்டர் தேடுவது பெரும்பாலும் இப்படித்தான்:

```
"Spring Boot" AND PostgreSQL AND Kafka
```

மேற்கோள் குறிக்குள் இருக்கும் இரண்டு சொல்லை, இடைவெளி விடாமல் Springboot என்று சேர்த்து எழுதியவர் தவறவிட வாய்ப்புண்டு. அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள். கருவியின் பெயரை அதன் தளத்தில் இருக்கிறபடியே எழுதினால், பத்துப் பெயரை அடுக்குவதைவிடப் பலன் அதிகம். சம்பந்தமில்லாத பெயர்களால் வரும் அழைப்புகள் சம்பந்தமில்லாத வேலைக்குத்தான் வரும்.

'நான்கு வருடத்துக்கும் மேல்' என்பதில் ஆறு மாதப் பயிற்சிக் காலத்தைச் சேர்த்து, மேலும் கொஞ்சம் இழுத்துவிட்டிருந்தாள். சம்பள வேலை 3 வருடம் 4 மாதம்தான். பி.எஃப். பிடித்தம் உள்ளவர்களுக்கு யு.ஏ.என். கணக்கில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்று பதிவாகியிருக்கும். வேலைக்கு எடுக்குமுன் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் அதைப் பார்ப்பார்கள். ஆஃபர் கடிதம் வந்த பிறகு தேதி ஒத்துப்போகவில்லை என்று திரும்பப் பெறுவதைப் போன்ற அவஸ்தை வேறில்லை.

கடைசியில் அவளே எழுதியது, தமிழில் சொன்னால்:

"3 வருடம் 4 மாத அனுபவமுள்ள பேக்எண்ட் டெவலப்பர், ஜாவா, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ். பேமென்ட் அமைப்பு ஒன்றில் இரண்டு சர்வீஸ்களுக்குப் பொறுப்பு. பணம் திருப்பும் சர்வீஸை முழுதாக எழுதியது, ஒரே தகவல் இரண்டு முறை வந்தாலும் ஒருமுறையே கணக்கில் ஏறும்படி செய்தது. இரவுச் சரிபார்ப்பு வேலையை 3 மணி 10 நிமிடத்திலிருந்து 25 நிமிடமாகக் குறைத்தது. காஃப்கா செய்திகளைப் படிக்கும் பகுதிகளை எழுதிய அனுபவம் உண்டு. புனே, நோட்டீஸ் 60 நாள்."

வேட்கை, விடாமுயற்சி எல்லாம் போய்விட்டன. இருப்பதாக எல்லோரும் எழுதுகிறார்கள், இல்லை என்று யாராவது எழுதுவார்களா? வங்கியின் பெயரையும் பரிவர்த்தனை எண்ணிக்கையையும் எடுக்கச் சொன்னேன். வேலையில் சேரும்போது போட்ட கையெழுத்தில் ரகசியக் காப்பும் அடங்கும். நோட்டீஸ் காலத்தை மறைத்துப் பயனில்லை, ரெக்ரூட்டரின் முதல் கேள்வியே அதுதான்.

நண்பருக்கு இது பிடிக்கவில்லை. "என்ன சார், பெருமையா ஒண்ணுமே இல்லையே. பக்கத்து ஃபிளாட் பையன் அரைப் பக்கம் எழுதியிருக்கான்" என்றார். கல்யாணத்துக்குக் கொடுக்கும் பயோடேட்டாவில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியே பழகியவர்கள் நாம். அவரைக் குறை சொல்ல முடியாது.

அழைப்புகள் முன்பைவிடக் குறைவாகத்தான் வந்தன. வந்ததெல்லாம் ஜாவா வேலைக்கு வந்தன. ஐந்தாவது வாரம் ஒரு நேர்முகத் தேர்வில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே முக்கால் மணி நேரம் கேட்டார்களாம். "இரண்டு தகவலும் ஒரே கணத்தில் வந்தால்?" என்பது அதில் ஒரு கேள்வி. முதலில் தேடிப் பார்த்து, இல்லையென்றால் ஏற்றுவது என்றிருந்தால் இரண்டுமே 'இல்லை' என்று பார்த்துவிட்டு இரண்டுமே ஏறிவிடும். அதனால் தான் தேடுவதில்லை என்றும், குறிப்பு எண் இரண்டாம் முறை வரக்கூடாது என்று டேட்டாபேஸிலேயே கட்டுப்பாடு போட்டதால் இரண்டாவது பதிவை அதுவே தடுத்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறாள். காஃப்காவை நிறுவத் தெரியுமா என்றதற்குத் தெரியாது என்றே சொன்னாளாம். அடுத்த சுற்றுக்கு அழைத்து, பிறகு வேலையும் கொடுத்தார்கள்.

புது இடத்தில் சேர்ந்த முதல் வாரமே சுருக்கத்தை மாற்றட்டுமா என்று போன் செய்தாள். கம்பெனிப் பெயரை மட்டும் மாற்று, அங்கே நீ செய்தது ஏதாவது ஓட ஆரம்பித்த பிறகு அடுத்த வரியைச் சேர்க்கலாம் என்றேன்.