100 ரூபாய் டாப்-அப், 99 ரூபாய் சந்தா: ஏன் போதவில்லை?

மதுரையில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவியின் நிலையை உதாரணமாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவரிடம் ஏடிஎம் கார்டு கிடையாது, யுபிஐயும் இல்லை. பாட்டு கேட்கும் ஒரு ஆப்பின் மாதச் சந்தா 99 ரூபாய். பணம் கட்டும் இடத்தில் மொபைல் பேலன்ஸிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி காட்டுகிறது. அதைத் தொட்டதும், பணம் செலுத்த முடியவில்லை என்று வருகிறது. இரண்டு நாளுக்கு முன்புதான் 28 நாள் பேக் போட்டிருந்தார். அந்தப் பணம் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. பேக் போடும்போது கொடுத்த பணத்துக்கு டேட்டாவும் அழைப்புகளும் கிடைத்துவிட்டன. சந்தாவுக்குப் பிடிக்கும் பணம் மெயின் பேலன்ஸ் என்ற தனிக் கணக்கிலிருந்து வர வேண்டும். ப்ரீபெய்டு வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பேக் மட்டுமே போடுவதால் அந்தக் கணக்கில் பூஜ்யமோ சில பைசாவோதான் இருக்கும். ஒரு நாளைக்கு 2 ஜிபி டேட்டா மீதமிருந்தாலும், ஆப் ஸ்டோரின் பார்வையில் அந்த எண் காசில்லாத எண்தான்.

சரி, டாப்-அப் போட்டால் தீர்ந்துவிடுமா? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 100 ரூபாய் டாப்-அப் போட்டால் கிடைக்கும் டாக்டைம் 81 ரூபாய் 75 காசு. 18 சதவீத ஜிஎஸ்டி கழிந்தால் 84.75 மிஞ்சும். அதில் 3 ரூபாய் செயலாக்கக் கட்டணமாகப் போகும். ஆகவே 99 ரூபாய் சந்தா மறுபடியும் தோற்கும். மாணவி இன்னொரு 20 ரூபாய் போடுகிறார். அதற்கு 14.95 கிடைக்கிறது. மொத்தம் 96.70. இப்போதும் 2 ரூபாய் 30 காசு குறைகிறது! இருக்கிறவரை எடுத்துக்கொண்டு மீதியைப் பிறகு பிடிக்கும் ஏற்பாடு இதில் இல்லை. முழுத் தொகையும் இருந்தால்தான் பரிவர்த்தனை நடக்கும். கடைசியாக 10 ரூபாய் போட்டு 7.47 சேர்த்த பிறகே பேலன்ஸ் 104.17 ஆகிறது, சந்தா நிறைவேறுகிறது. 99 ரூபாய்ப் பொருளுக்காக அவர் கையிலிருந்து போனது 130 ரூபாய். முன்பு டாக்டைம் கடன் வாங்கியிருந்தால் அதுவும் முதல் டாப்-அப்பிலேயே கழிந்துவிடும், கணக்கு இன்னும் குறையும்.

கூகுள் பிளேயில் இந்த வசதியை ஐடியா, ஏர்டெல், வோடபோன் நிறுவனங்கள் 2016இல் இந்தியாவில் அறிமுகப்படுத்தின. கிரெடிட் கார்டு இல்லாதவர்களும் ஆப் வாங்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் மாதாமாதம் பிடிக்கப்படும் சந்தாவுக்கு ப்ரீபெய்டு பேலன்ஸ் பொருந்தாத வழி. வங்கிக் கணக்கு இருப்பவர்கள் யுபிஐ ஆட்டோபே மூலம் கட்டினால் 99 ரூபாய்க்கு 99 ரூபாய்தான் போகும்.

பேலன்ஸ் போதுமான அளவு இருந்தும் தோற்பதுண்டு. அதற்கு வரம்பு காரணமாக இருக்கலாம். பிரிட்டனில் இது சட்டத்திலேயே இருக்கிறது. போன் கணக்கில் ஏற்றி வாங்கும் டிஜிட்டல் பொருள்கள் ஒரு தடவைக்கு 40 பவுண்டைத் தாண்டக் கூடாது, ஒரு மாதத்தில் எல்லாம் சேர்த்து 240 பவுண்டைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 50 யூரோ, 300 யூரோ. அந்த எல்லைக்குள் இருக்கும்வரைதான் இத்தகைய வணிகத்துக்கு, பணப் பட்டுவாடா நிறுவனங்களுக்கான கடுமையான விதிகளிலிருந்து விலக்கு உண்டு. லண்டனில் வசிக்கும் ஒருவரின் பிள்ளை அவருடைய எண்ணில் விளையாட்டுக்குள் வாங்கிக் குவித்திருந்தால், மாதக் கடைசியில் அவருடைய 10 பவுண்டு சந்தா நின்றுபோகலாம். அந்த வரம்பு ஆப்புக்கு ஆப்பு தனித்தனியாக இல்லை, எண்ணுக்கு ஒன்றுதான். இதற்கும் கீழே தாங்களாக ஒரு வரம்பு வைக்கும் நிறுவனங்களும் உண்டு. புது இணைப்புகளுக்கு அது இன்னும் குறைவாக இருக்கலாம்.

மூன்றாவது காரணம் தடை. இதற்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி வாடிக்கையாளர்களின் பில்லில், அவர்கள் கேட்காத ராசிபலனுக்கும் ரிங்டோனுக்கும் மாதம் 9.99 டாலர் ஏறிக்கொண்டிருந்தது. அதில் 35 சதவீதத்துக்குக் குறையாமல் நிறுவனமே வைத்துக்கொண்டது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2014 அக்டோபரில் 10.5 கோடி டாலர் கட்ட நிறுவனம் சம்மதித்தது. இந்தியாவிலும் காலர் டியூன், ஜோக், கிரிக்கெட் ஸ்கோர் என்ற பெயரில் கேட்காமலே காசு போன காலம் ஒன்று இருந்தது. 2013 ஜூலையில் டிராய் தலையிட்டு, வாடிக்கையாளர் இரண்டாவது முறை உறுதி செய்யாமல் மதிப்புக்கூட்டுச் சேவை எதையும் தொடங்கக் கூடாது என்றது. நிறுத்துவதற்கு 155223 என்ற பொது எண்ணும் வந்தது.

இப்படிப்பட்ட அனுபவங்களால்தான் பல நாடுகளில் தடை வசதி வந்தது. ஜெர்மனியில் வாடிக்கையாளர் கேட்டால் மற்ற நிறுவனங்களின் கட்டணங்களைக் காசு வாங்காமல் தடுக்க வேண்டும் என்பது சட்டம். அலுவலகம் கொடுத்த சிம்மில் நிர்வாகமே தடை போட்டிருக்கலாம். பழைய உரிமையாளர் காலத்திலோ, அப்பா பெயரில் இருக்கும் எண்ணிலோ போட்ட தடையை இப்போது அதைப் பயன்படுத்துபவர் அறிந்திருக்க மாட்டார். இந்தத் தடையை ஆப் நிறுவனமோ கூகுளோ நீக்க முடியாது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் தம் மொபைல் நிறுவனத்திடம் கேட்டால்தான் நடக்கும்.

மூன்றில் எது காரணம் என்று கண்டுபிடிப்பது அவ்வளவு சிரமமில்லை. பிளே ஸ்டோரில் சுயவிவரப் படத்தைத் தொட்டு Payments & subscriptions, அதற்குள் Payment methods போய்ப் பார்க்க வேண்டும். மொபைல் நிறுவனத்தின் பெயரே அங்கே இல்லையென்றால் அந்த இணைப்புக்கு வசதி இல்லை, அல்லது ஸ்டோருக்கு சிம் அடையாளம் தெரியவில்லை. இரட்டை சிம் போனில் இரண்டாவது சிம்மை எடுத்துவிட்டு, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்தால் சில நேரம் தோன்றிவிடும். பெயர் இருந்தும் தோற்றால், அடுத்த வேலை மெயின் பேலன்ஸைப் பார்ப்பது. பேக் விவரத்தைப் பார்த்துப் பயனில்லை. பேலன்ஸும் இருக்கிறதென்றால் 10 ரூபாய்க்குக் கிடைக்கும் ஏதாவது ஒன்றை வாங்கிப் பார்க்கலாம். அது போய், 99 மட்டும் போகவில்லையென்றால் வரம்பின் மேல் சந்தேகம் விழும். 10 ரூபாயும் போகவில்லையென்றால் தடையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வாடிக்கையாளர் சேவையில் “டாப்-அப் போட்டும் வேலை செய்யவில்லை” என்று சொல்வதைவிட, ஆப் ஸ்டோர் வாங்குதலுக்கு இந்த எண்ணில் தடை இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

முதல் மாதம் கட்டியவர்களுக்கும் அடுத்த மாதம் இதே சிக்கல் வரும். புதுப்பிக்கும் நாளில் பேலன்ஸ் இல்லையென்றால் ஸ்டோர் உடனே சந்தாவை ரத்து செய்துவிடாது. சிறிது காலம் நிறுத்தி வைத்து, இடையிடையே பணம் பிடிக்க முயலும். அந்த நாட்களில் வேறு தேவைக்காகப் போட்ட டாப்-அப் சந்தாவுக்குப் போய்விடக்கூடும். வெளிநாட்டு அழைப்புக்கென்று போட்ட பணம் இப்படிக் கரையும்போது, மொபைல் நிறுவனம் திருடிவிட்டதாகவே தோன்றும். போனிலிருந்து ஆப்பை நீக்கினாலும் சந்தா நிற்காது; அதே Payments & subscriptions பகுதியில் Subscriptions திறந்து ரத்து செய்ய வேண்டும். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றப் போகிறவர்கள் அதற்கு முன்பே சந்தாவை யுபிஐக்கோ கார்டுக்கோ மாற்றிக்கொள்வது நல்லது. எண் அதேதான் என்றாலும், பழைய நிறுவனத்தின் பேலன்ஸ் புது நிறுவனத்துக்குக் கூட வராது.