தூரத்துப் பீப்பாய்க்கு எத்தனை முக்கோணம்?

2008-ல் பிசிக்கு வந்த ஜிடிஏ 4 கேமில் Detail Distance என்றொரு ஸ்லைடர் உண்டு. அதைக் குறைத்தால் கேம் வேகமாக ஓடும். ஆனால் தெருவோரப் பொருட்கள் நீங்கள் பக்கத்தில் போன பிறகே திடீரென்று முளைக்கும். அந்த ஸ்லைடருக்குப் பின்னால் இருக்கும் கணக்கை ஒரு மரப் பீப்பாயை வைத்துப் பார்க்கலாம்.

நான் முதன்முதலில் செய்த பீப்பாயில் 1200 முக்கோணங்கள். ஆணிகளைக் கூடச் செதுக்கியிருந்தேன்! சந்தைக் காட்சியில் அதை நூறு இடங்களில் வைத்ததும் கேம் திக்கித் திணறியது. பீப்பாயின் உயரம் 1 மீட்டர், அகலம் 0.6 மீட்டர். d மீட்டர் தூரத்தில் அது திரையில் எத்தனை பிக்சல் உயரம் இருக்கும்?

```
px = 1 * 1080 / (2 * d * tan(30°))
```

1080 என்பது திரையின் உயரம். 30° என்பது கேமராவின் செங்குத்துக் கோணமான 60 டிகிரியில் பாதி. 30 மீட்டரில் விடை சுமார் 31 பிக்சல். அகலம் 19 என்றால், மொத்தப் பீப்பாயும் 580 பிக்சலுக்குள் அடக்கம். நம் பக்கம் தெரியும் முக்கோணங்களோ 600! ஆளுக்கு ஒரு பிக்சல் கூட இல்லை. கிராபிக்ஸ் கார்டு பிக்சல்களை 2x2 கட்டங்களாகவே கையாளும் என்பதால், ஒரு பிக்சல் முக்கோணத்துக்கும் நான்கு பிக்சலின் வேலை ஆகிறது. எனவே 20 மீட்டரிலேயே 300 முக்கோண மாடலுக்கும், 60 மீட்டரில் 60 முக்கோண மாடலுக்கும் மாற்றினேன். 150 மீட்டரில் பீப்பாய் 6 பிக்சல்தான். அதற்கு அப்பால் வரைவதே இல்லை.

இதில் பலரும் கவனிக்காதது, கடைசி மாடல்தான் அதிகம் வரையப்படுகிறது என்பது. பரப்பு தூரத்தின் வர்க்கமாக வளர்கிறது அல்லவா? பீப்பாய்கள் சீராகப் பரவியிருந்து, 20 மீட்டருக்குள் 2 தெரிந்தால், 60 வரை இன்னும் 16, அதன் பிறகு 150 வரை 94 தெரியும். முக்கோணங்கள் முறையே 2400, 4800, 5640, மொத்தம் 12,840. எல்லாமே முதல் மாடலாக இருந்தால் 1,34,400! ஆகவே ஆணிகளைக் குறைப்பதை விட, 60 முக்கோணத்தை 40 ஆக்குவதில்தான் லாபம். ஆனால் வெளிக்கோட்டைக் கெடுத்துவிடாதீர்கள். வளையங்களை டெக்ஸ்சரிலேயே வரைந்துவிடலாம். பீப்பாயின் வயிறு தட்டையானால் மாறும் நொடியில் கண் பிடித்துவிடும்.

மீட்டரை மட்டும் நம்பினால் பைனாகுலரில் மாட்டிக்கொள்வீர்கள். 4 மடங்கு ஜூமில் 120 மீட்டர் பீப்பாய் 30 மீட்டரில் இருப்பது போலத் தெரியும். மாடலோ 60 முக்கோணம்தான். இதற்காகத்தான் யூனிட்டியின் LOD Group தூரத்தைக் கேட்காமல், திரை உயரத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்கிறது. நம் 20 மீட்டர் அங்கே சுமார் 4.3%, 60 மீட்டர் 1.4%. இவற்றைக் கொடுத்த பிறகும் பீப்பாய் 40 மீட்டரில்தான் மாறுகிறதா? Quality பக்கத்தில் LOD Bias 2 என்று இருக்கிறதா பாருங்கள். நான் அரை நாள் தேடினேன்.