முட்டையை நிறுத்தச் சொன்ன இரத்தச் சோதனை

செய்யூர் பகுதியில் நான் பணியாற்றும் பள்ளியில், வயிற்றுவலியால் அவதிப்பட்ட ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி சத்துணவு முட்டையை வாங்க மறுத்தாள். விரல்நுனி இரத்தத்தைத் தபாலில் அனுப்பிச் செய்த சோதனையில் முட்டை, பால், கோதுமை மூன்றும் ‘ஒவ்வாதவை’ என வந்திருந்தன.

இச்சோதனைகள் பெரும்பாலும் அளப்பது ஐஜிஜி என்னும் எதிர்ப்புப் புரதத்தை. நாம் வழக்கமாக உண்ணும் உணவுகளுக்கு அது இயல்பாகவே உருவாகிறது. எனவே முட்டை உண்ணும் குழந்தைக்கு அது கூடுதலாக இருக்கலாம். அது உண்டதன் அடையாளமே, நோயின் அடையாளம் அன்று. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-இலேயே இதைப் பரிந்துரைக்கவில்லை. பால் செரியாமையோ லாக்டேஸ் நொதிக் குறைவால் வருவது. ஐஜிஜி அளவு அதைக் காட்டாது.

அரசு மருத்துவரின் ஆலோசனைப்படி, மாணவி உண்டதையும் வலி வந்த நேரத்தையும் இரண்டு வாரம் குறிப்பேட்டில் எழுதச் செய்தோம். காலையில் பால் குடித்த நாள்களில் மட்டுமே வலி இருந்தது; முட்டை உண்டு பால் குடிக்காத நாள்களில் இல்லை. அடுத்த இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்தினர், வலி நின்றது. மீண்டும் கொடுத்ததும் திரும்பியது. தயிர் ஒத்துக்கொண்டது. முட்டையும் கோதுமையும் தொடர்கின்றன.

நிறுத்திப் பார்ப்பதோடு விடாமல் மீண்டும் கொடுத்துப் பார்த்தால்தான் காரணம் உறுதியாகும். ஒரு நேரத்தில் ஓர் உணவை மட்டுமே நிறுத்த வேண்டும்.

உண்ட சிறிது நேரத்தில் உடலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது வேறு வகை ஒவ்வாமை. அக்குழந்தைக்கு வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.