நீல முட்டை யாருடையது?

புகைப்படத்தில் புள்ளியில்லாத நீல முட்டைகள் தெரிந்தால், நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருபவை மைனாவும் தவிட்டுக்குருவியும்தான். நிறம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே கூட்டைப் பாருங்கள். மைனா மரப்பொந்திலோ சுவர் ஓட்டையிலோ குச்சி, கந்தல், காகிதம், சிலநேரம் பாம்புச் சட்டையைக்கூட அள்ளித் திணித்து வைக்கும். தவிட்டுக்குருவியோ கிளைக்கவட்டில் வேரும் புல்லும் கொண்டு கிண்ணம்போல் கட்டும்.

மைனா முட்டை சுமார் 3 செ.மீ. நீளம், தவிட்டுக்குருவியுடையது சுமார் 2.5 செ.மீ. அளவுகோல் இல்லாத படத்தில் இந்த வேறுபாடு தெரியாது. படத்தில் வேறு பொருள் ஏதும் இருந்தால் அதோடு ஒப்பிடலாம். அதற்காகக் கூட்டருகே நாணயம் வைக்கவே வேண்டாம். கலைந்த தாய் திரும்பாமல் போகலாம்.

கிண்ணக் கூட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. சுடலைக்குயில் தன் நீல முட்டையைத் தவிட்டுக்குருவியின் கூட்டில்தான் இடும். ஒன்று மட்டும் சற்று உருண்டையாகத் தெரிந்தால் சந்தேகப்படலாம். படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.