வாலில் ஒட்டிய மூன்று சொற்கள்

1944 அக்டோபர் 25. பிலிப்பைன்ஸ் கடலில் ஜப்பானியக் கப்பல்களைத் துரத்திக்கொண்டிருந்த அமெரிக்கத் தளபதி ஹால்சியின் கையில் ஒரு தந்தித் தாள். அனுப்பியவர் மேலதிகாரி நிமிட்ஸ். "34-ஆவது படைப்பிரிவு எங்கே? உலகமே வியக்கிறது." ஹால்சி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

நிமிட்ஸ் கேட்டது முதல் வாக்கியம் மட்டும்தான். ரகசியச் செய்திகள் ஒரே மாதிரி தொடங்கி முடிந்தால் எதிரி சங்கேதத்தை உடைத்துவிடுவான். அதனால் தலையிலும் வாலிலும் சம்பந்தமில்லாத சொற்களை ஒட்டுவார்கள். எல்லை காட்ட இரட்டை எழுத்து இருக்கும். படிப்பவர் அதை வெட்டி எறிய வேண்டும். தலையில் இருந்தது, 'வான்கோழி தண்ணீருக்கு ஓடுகிறது' என்ற உளறல், அது வெட்டுப்பட்டது. வாலுக்கு முன்னும் 'ஆர் ஆர்' இருந்தது. ஆனால் வால் பொருத்தமாக ஒலித்ததால் தப்பிவிட்டது!

குப்பை குப்பையாகத் தெரிய வேண்டும் என்பதே விதி. என் கணக்கில் முதல் தவறு ஒட்டியவருடையது.

கேள்வியை ஹால்சி குத்தலாகவும் கட்டளையாகவும் எடுத்துக்கொண்டார். சுமார் ஒரு மணி நேரம் கழித்துப் போர்க்கப்பல்களைத் தெற்கே திருப்பினார். அவை போய்ச் சேர்வதற்குள் குரிட்டாவின் ஜப்பானியப் படை தப்பிப் போயிருந்தது.