ஆறு மில்லியா, ஒன்றரை மில்லியா?

குழந்தைக்குத் தரும் திரவ மருந்தின் அளவு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எத்தனை மில்லி தருகிறோம், ஒவ்வொரு மில்லியிலும் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது. பெரும்பாலான தவறுகள் இரண்டாவதைக் கவனிக்காததால் நேர்கின்றன.

காய்ச்சலுக்கான பாராசிட்டமால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தியாவில் இது 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப், ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸ் எனப் பல வடிவங்களில் விற்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மருத்துவர் 150 மில்லிகிராம் எழுதுகிறார் என்று கொள்வோம். முதல் சிரப்பில் அது 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, டிராப்ஸில் 1.5 மில்லி. சென்ற முறை 6 மில்லி கொடுத்த நினைவில் டிராப்ஸையும் 6 மில்லி ஊற்றினால், ஒரே வேளையில் 600 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு உள்ளே போய்விடும். இப்படி அடுத்தடுத்த வேளைகளிலும் தொடர்ந்தால் கல்லீரல் கெடும். அதனால் புதுப் பாட்டில் வாங்கும்போதெல்லாம், லேபிளில் உள்ள மில்லிகிராம் கணக்கைச் சீட்டோடு ஒப்பிட வேண்டும்.

அளக்கும் பொருளும் முக்கியம். மருந்துக் கணக்கில் ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. சமையலறைக் கரண்டிகளோ ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலது இதைவிடக் குறைவாகவும் சிலது கூடுதலாகவும் கொள்ளும். சீட்டில் 'அரை ஸ்பூன்' என்றிருந்தால் எத்தனை மில்லி என்று மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளலாம். 2.5 என்பதில் புள்ளியைக் கவனிக்காமல் 25 என்று படித்துவிடும் ஆபத்தும் உண்டு.

மருந்தோடு வரும் அளவு மூடியைக் கையில் பிடித்தபடி ஊற்றினால் அது சாய்ந்து அளவு பிசகும். அதை மேசைமேல் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்தி, திரவத்தின் நடுவில் தாழ்ந்திருக்கும் மட்டம் கோட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கெட்டியான சிரப் மூடியின் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சிறிய அளவுகளுக்கு மூடி ஏற்றதல்ல.

5 மில்லிக்குக் குறைவான அளவுகளுக்கு ஊசி பொருத்த முடியாத வாய்வழி சிரிஞ்சே துல்லியமானது. அளவு கொள்ளும் சிரிஞ்சுகளில் மிகச் சிறியதை எடுக்க வேண்டும், 1.5 மில்லியை 10 மில்லி சிரிஞ்சில் அளந்தால் கோடுகள் நெருங்கிக் குழப்பும். குலுக்கச் சொல்லும் மருந்தை முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் தங்கிய மருந்து கடைசி வேளைகளில் அதிகமாக வரும். மருந்தை இழுத்ததும் சிரிஞ்சின் முனையை மேலே நிமிர்த்தித் தட்டி, குமிழியை வெளியே தள்ள வேண்டும். குமிழி இருக்கும் இடத்தில் மருந்து இல்லை. முனையை நோக்கியிருக்கும் ரப்பரின் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே அளவு.

கொடுக்குமுன் சிரிஞ்சின் சிறு மூடியை அகற்றிவிட வேண்டும். அது குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, முனையைக் கன்னத்தின் உட்புறம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினால் புரையேறாமல் விழுங்கும்.