சப்ளையர் காட்டும் ஐஎஸ்ஓ சான்றிதழைச் சரிபார்ப்பது எப்படி?

அம்பாங் வட்டாரத்தில் சிறுதொழில் செய்பவர்களிடம் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சப்ளையர் தம் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறார். வாங்குபவர் முத்திரையையும் காலாவதித் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டிவிடுகிறார். சரக்கில் குறை வந்த பிறகுதான் அந்தத் தாளை முழுதாகப் படிக்கிறார். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐஎஸ்ஓ தரநிலையை எழுதுகிறது, அவ்வளவுதான். அது யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தருவது சிரிம் கியூஏஎஸ் போன்ற சான்றளிப்பு நிறுவனங்கள். அந்த நிறுவனங்களைச் சோதித்து அங்கீகரிப்பது இன்னோர் அமைப்பு. மலேசியாவில் அந்த வேலையை ஜபாத்தான் ஸ்டாண்டர்ட் மலேசியா செய்கிறது; பிரிட்டனில் யூகாஸ், இந்தியாவில் என்ஏபிசிபி. சான்றிதழில் அங்கீகார அமைப்பின் முத்திரையே இல்லையென்றால், சான்றளித்தவரை யார் சோதித்தார்கள் என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லாமல் சான்றிதழ் விற்பவர்களும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. அம்பாங்கில் மசாலாத் தூள் அடைத்து விற்கும் ஒருவர் பிளாஸ்டிக் பைகளுக்கு ஆர்டர் கொடுக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சப்ளையரின் சான்றிதழ் உண்மையானது, அங்கீகார முத்திரை இருக்கிறது, காலாவதிக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. ஆனால் வரம்பு என்ற இடத்தில் 'பொட்டலப் பொருள்களின் விற்பனையும் விநியோகமும்' என்று எழுதியிருக்கிறது. உற்பத்தி என்ற சொல்லே இல்லை. முகவரி கிள்ளானில் உள்ள அலுவலகத்துடையது. பைகள் தயாராகும் தொழிற்சாலையின் முகவரி தாளில் எங்கும் இல்லை. அந்தத் தணிக்கையில் யாரும் தொழிற்சாலைக்குள் கால் வைக்கவில்லை என்றே அர்த்தம். சான்றிதழில் பொய் இல்லை, ஆனாலும் இந்த ஆர்டருக்கு அது உதவாது. தொழிற்சாலைக்கு உரிய சான்றிதழைத் தனியாகக் கேட்க வேண்டும். பை உணவைத் தொடுவதால் ஆய்வுக்கூடச் சோதனை அறிக்கையும் கேட்க வேண்டும். ஐஎஸ்ஓ 9001 நிர்வாக முறைக்கான சான்று. பையின் தரத்துக்கு அது உத்தரவாதம் தராது.

தேதியும் ஏமாற்றும். சான்றிதழ் வழக்கமாக மூன்று ஆண்டுக்குச் செல்லும். இடையில் ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்காணிப்புத் தணிக்கை நடக்க வேண்டும். அதைச் செய்யவிடாத நிறுவனத்தின் சான்றிதழ் இடைநிறுத்தப்படலாம், பிறகு ரத்தும் ஆகலாம். தாளில் அச்சான தேதி மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இணைப்புப் பக்கங்களோடு முழுச் சான்றிதழையும் பிடிஎப் கோப்பாகக் கேளுங்கள். அதிலுள்ள பெயரையும் பதிவு எண்ணையும் எஸ்எஸ்எம் பதிவோடும் இன்வாய்ஸோடும் ஒப்பிடுங்கள். ஒரே குழுமத்தின் வேறு நிறுவனத்துக்குத் தரப்பட்ட சான்றிதழைக் காட்டுவது அடிக்கடி நடக்கிறது. அடுத்து, சான்றளித்த நிறுவனம் அங்கீகார அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா, உங்கள் தொழில்துறைக்கும் அதன் அங்கீகாரம் பொருந்துகிறதா என்று பாருங்கள். iafcertsearch.org தளத்திலும் தேடலாம். ஆனால் எல்லாச் சான்றிதழும் அங்கே ஏறியிருக்காது. இல்லை என்பதாலேயே போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

கடைசியாகச் சான்றளித்த நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். சான்றிதழ் எண்ணைக் குறிப்பிட்டு நான்கு கேள்விகள் கேளுங்கள்: இன்று செல்லுமா, வரம்பு என்ன, எந்த முகவரிகள் அடங்கும், இடைநிறுத்தம் ஏதும் உண்டா? சான்றிதழ் செல்லுமா என்று கேட்பவருக்கு அதை உறுதிப்படுத்த வழி செய்து தரவேண்டும் என்பது அந்த நிறுவனங்களுக்கான தரநிலையிலேயே, அதாவது ஐஎஸ்ஓ/ஐஇசி 17021-1இல், இருக்கும் கடமை. தட்டிக்கழித்தால் அங்கீகார அமைப்பிடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: மின்னஞ்சல் முகவரியைச் சான்றிதழிலிருந்து எடுக்கக் கூடாது. போலித் தாள் தயாரித்தவர் போலி முகவரியையும் அதில் போட்டிருப்பார்.

போலி என்று உறுதியானால் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டு போலீஸில் புகார் கொடுங்கள். போலி ஆவணத்தை அசல் என்று பயன்படுத்துவது தண்டனைச் சட்டம் 471ஆவது பிரிவின் கீழ் குற்றம். வாட்ஸ்அப் செய்திகள், மூலக் கோப்பு, சான்றளிப்பு நிறுவனத்தின் பதில் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பயனீட்டாளருக்கானது. வியாபாரத்துக்கு வாங்கியவர் பணத்தை மீட்க சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

அந்த அலைச்சல் வேண்டாமென்றால் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள்: சான்றிதழ் எண், வரம்பு, தொழிற்சாலை முகவரி. சான்றிதழ் இடைநிறுத்தப்பட்டால் சப்ளையர் உடனே தெரிவிக்க வேண்டும், நீங்கள் சரக்கைத் திருப்பலாம் என்பதையும் சேருங்கள். இதில் கையெழுத்துப் போடத் தயங்கும் சப்ளையருக்கு முன்பணம் கட்டாதீர்கள்.